ஒன்பதில் நின்ற நிரல்

அன்புள்ள ஐயா,

கல்லூரி மாணவர்களுக்காக இலவச நிரலாக்கப் பயிலரங்கம் ஒன்றை நடத்தவிருக்கிறோம். இன்ஸ்டாகிராமில் இட்ட அறிவிப்பு, “உங்கள் எதிர்காலத்தை மாற்றப்போகும் மாபெரும் இலவசப் பயிலரங்கம்!” என்று தொடங்குகிறது. பார்த்தவர்கள் பலர், பதிவு செய்தவர்கள் நால்வர். முதல் வரியை எப்படி எழுதியிருக்க வேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வரியைப் பங்குச்சந்தை வகுப்புக்கோ ஆங்கிலப் பேச்சு வகுப்புக்கோ ஓர் எழுத்தும் மாற்றாமல் சூட்டிவிடலாம். மாணவரின் விரல் அதைக் கடந்து போவதற்கு அதுவே காரணம். நிரல் எழுதிப் பார்த்தவருக்கு மட்டுமே உறுத்தக்கூடிய ஒன்று முதல் வரியில் இருக்க வேண்டும். பைத்தான் கற்கத் தொடங்கிய அனைவரும் ஒருமுறையாவது இடறும் இடத்தை எடுத்துக்கொள்வோம்.

```python
for i in range(1, 10):
    print(i)
```

பத்து வரை அச்சாகும் என்று எதிர்பார்த்தவருக்கு ஒன்பது வரைதான் கிடைக்கும்; ஏனெனில் `range` தன் இறுதி எண்ணைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஆய்வகத்தில் 10-ஐ 11 ஆக்கிச் சமாளித்துவிட்டு, ஏன் என்று கேட்கப்பட்டபோது விழித்த மாணவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு நான் எழுதக்கூடிய முதல் வரி இது: “பத்து வரை எண்ணச் சொன்னேன், ஒன்பதில் நின்றுவிட்டது. ஏன்?” மேலே உள்ள இரண்டு வரி நிரலைப் படமாக வைத்துவிட்டால், வாசிப்பவர் விடையைத் தேடத் தொடங்கிவிடுவார், தேடுகிறவர் நகர்வதில்லை.

இன்ஸ்டாகிராம் படக்குறிப்பில் ஏறத்தாழ 125 குறிகளுக்குப் பிறகு வரும் பகுதி மறைக்கப்படுகிறது. நாம் ஓரெழுத்தாக எண்ணும் ‘கோ’ கணினிக்குக் ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு என்பதால், தமிழில் எழுதுபவருக்கு இடம் இன்னும் குறைவு. எனவே வணக்கம், அமைப்பின் பெயர், வரிசையாக ராக்கெட் படங்கள் (இவற்றை யார் தொடங்கிவைத்தார்களோ!) ஆகியவற்றுக்கு அங்கே வேலையில்லை.

‘இலவசம்’ என்ற சொல்லை இரண்டாம் வரிக்குத் தள்ளுங்கள். இலவச வகுப்பு என்று அழைத்து, முடிவில் கட்டணப் படிப்பை விற்கும் கூட்டங்களைப் பார்த்துச் சலித்தவர்கள் மாணவர்கள். அந்தச் சொல் முன்னால் நின்றால் ஐயமும் முன்னால் வந்துவிடுகிறது. “இரண்டு மணி நேரம், கட்டணமில்லை, முடிவில் எதையும் விற்கமாட்டோம்” என்று எழுதலாம், அது உண்மையாக இருந்தால் மட்டும்.

நான் சொன்ன வரி, நிரலே எழுதியிராதவரை நிறுத்தாது. உங்கள் பயிலரங்கம் அவர்களுக்கானது என்றால் இந்த வரியைக் கைவிட்டு, அவர்கள் கையால் செய்து அலுத்த ஒரு வேலையிலிருந்து தொடங்குங்கள். நூறு கோப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றுவது போன்ற ஒன்று. இருவரையும் ஒரே வரியில் அழைக்க முயன்றால் மறுபடியும் ‘எதிர்கால’த்துக்கே போய்ச் சேர்வீர்கள்.

புதிய வரிக்குக் கருத்துகள் குவிந்தும் பதிவுகள் வரவில்லையென்றால் முதல் வரியைத் தொடாதீர்கள். நாளும் நேரமும் பதிவு இணைப்பும் எங்கே புதைந்திருக்கின்றன என்று பாருங்கள். பதிவு செய்தவர்கள் வந்து பாதியில் எழுந்து போனால், அந்த ஒன்பதுக்கான விடையை நீங்கள் எந்த மணியில் சொன்னீர்கள் என்று பாருங்கள்.