ஸ்டிக்கரில் 5.2 கிலோவாட், மீட்டரில் எவ்வளவு?

கேள்வி: புதிதாக 1.5 டன் ஏ.சி. வாங்கியிருக்கிறோம். இன்வெர்ட்டர் இல்லாத சாதாரண வகை. ஸ்டிக்கரில் 5.2 கிலோவாட் என்று போட்டிருக்கிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தினமும் போடுவதாக எண்ணம். யூனிட் 8 ரூபாய். கணக்குப் போட்டால் மாதம் 9,984 ரூபாய் வருகிறது. சுவிட்சைத் தொடவே பயமாக இருக்கிறது. என் கணக்கு சரியா?

பதில்: பெருக்கல் சரி, பெருக்கிய எண்தான் தவறு. அந்த 5.2 கிலோவாட் ஏ.சி. இழுக்கும் மின்சாரம் அல்ல. ஒரு மணி நேரத்தில் அது அறையிலிருந்து எவ்வளவு வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டும் என்பதன் அளவு. அதைக் கூலிங் கெபாசிட்டி என்பார்கள். ஹீட்டர் மின்சாரத்தை அப்படியே வெப்பமாக்குகிறது. ஏ.சி. எதையும் உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் வெப்பத்தை இடம் மாற்றுகிறது. அதனால்தான் ஒரு பங்கு மின்சாரத்தைச் செலவழித்து மூன்று பங்குக்கு மேல் வெப்பத்தை வெளியேற்ற அதனால் முடிகிறது. 'டன்' என்பதும் எடையைக் குறிப்பதல்ல. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகம்தான் ஒரு டன். கிலோவாட்டில் சொன்னால் ஏறத்தாழ 3.5. ஒன்றரை டன்னுக்கு நீங்கள் பார்த்த 5.2 வந்துவிடுகிறதா?

உங்களுக்கு வேண்டிய எண் அதே ஸ்டிக்கரில், பெரும்பாலும் அடுத்த வரியில், பவர் இன்புட் என்ற பெயரில் இருக்கும். இந்த அளவு ஏ.சி.க்கு அது 1,500 முதல் 1,800 வாட்டுக்குள் வருவது வழக்கம். 1,600 வாட் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் 'அதிகபட்சம்' என்று போட்டு ஆம்பியரிலோ வாட்டிலோ இன்னோர் எண்ணும் இருக்கலாம். அது ஒயரையும் பிரேக்கரையும் தேர்ந்தெடுக்கும் எலக்ட்ரீஷியனுக்கானது, பில் கணக்குக்கு உதவாது.

1,600 வாட் என்றால் 1.6 கிலோவாட். எட்டு மணி நேரத்துக்கு 12.8 யூனிட். முப்பது நாளுக்கு 384 யூனிட். யூனிட் 8 ரூபாய் வீதம் 3,072 ரூபாய். பத்தாயிரம் மூன்றாயிரமாக இறங்கிவிட்டது. இதுவும் உச்சவரம்புதான். எட்டு மணி நேரமும் கம்ப்ரசர் நிற்காமல் ஓடினால்தான் இவ்வளவு வரும்.

நல்ல நிலையில் இருக்கும் சாதாரண ஏ.சி.யில் கம்ப்ரசர் அப்படி ஓடாது. நீங்கள் வைத்த வெப்பநிலையை அறை எட்டியதும் வெளியே இருக்கும் பெட்டியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், உறுமல் அடங்கும். உள்ளே காற்று வந்துகொண்டே இருக்கும். அப்போது ஓடுவது வெறும் மின்விசிறி, சுமார் 50 வாட். அறை மீண்டும் சூடானதும் கம்ப்ரசர் எழுந்துகொள்ளும். பில்லைத் தீர்மானிப்பது சுவிட்ச் போட்டிருந்த நேரம் அல்ல, அந்த உறுமல் கேட்ட நேரம்.

ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். முதல் மணி நேரம் சுவரும் மெத்தையும் பகல் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும், கம்ப்ரசர் நிற்காது. அடுத்த மூன்று மணி நேரம், மணிக்கு 40 நிமிடம் ஓடுகிறது என்போம். நள்ளிரவு தாண்டி வெளிக்காற்றும் தணிந்த பிறகு, மீதி நான்கு மணி நேரமும் மணிக்கு 30 நிமிடம். கூட்டினால் ஐந்து மணி நேர ஓட்டம், 8 யூனிட். மற்ற மூன்று மணி நேரம் விசிறி மட்டும் சுற்றியதற்கு 0.15 யூனிட். ஆக இரவுக்கு 8.15, மாதத்துக்கு 244.5 யூனிட், 1,956 ரூபாய். உங்கள் அறைக்கு இந்த நிமிடங்கள் கூடும் குறையும். மேல்மாடியா, மேற்குச் சுவரா, எத்தனை பேர் படுக்கிறீர்கள், எத்தனை டிகிரி வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. கோடைக்கும் மழைக்காலத்துக்கும் ஒரே கணக்கு பொருந்தாது.

ஆகவே என் ஊகத்தை நம்பி உட்கார வேண்டாம், உங்கள் மீட்டரையே கேளுங்கள். மின்னணு மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். அதன் அருகே 3200 imp/kWh என்பது போல அச்சிட்டிருப்பார்கள். 3,200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று பொருள். வீட்டில் மற்ற எல்லாவற்றையும், ஃபிரிட்ஜையும் மறக்காமல், அணைத்துவிட்டு ஏ.சி.யை மட்டும் ஓடவிடுங்கள். கம்ப்ரசர் உறுமும்போது பத்துச் சிமிட்டலுக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று கைப்பேசிக் கடிகாரத்தில் பாருங்கள். ஒரு சிமிட்டலில் எண்ணத் தொடங்கினால் அதைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளுங்கள், பலர் பிசகுவது அங்கேதான்.

```
வாட் = 3600000 × சிமிட்டல் ÷ (3200 × வினாடி)
```

பத்துச் சிமிட்டலுக்கு ஏழு வினாடி என்றால் 1,607 வாட். கம்ப்ரசர் நின்றதும் அதே விளக்கு ஒரு தடவை சிமிட்டவே இருபது வினாடிக்கு மேல் காக்க வைக்கும். இதை ஒருமுறை நேரில் பார்த்தவருக்கு ஏ.சி. கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. அளந்தது ஸ்டிக்கர் எண்ணிலிருந்து கொஞ்சம் விலகினால் கவலைப்பட வேண்டாம். அந்த எண் வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி என்ற சோதனை நிலையில் எடுத்தது. வெளியே அதற்கு மேல் கொதித்தால் வாட் ஏறும், குளிர்ந்த இரவில் இறங்கும்.

இதைவிடச் சோம்பேறித்தனமான வழியும் உண்டு, எனக்கு அதுதான் பிடிக்கும். படுக்கும்போது மீட்டரைக் குறித்து, எழுந்ததும் மறுபடி குறியுங்கள். ஏ.சி. போடாத ஓரிரவும் இதையே செய்து, அதைக் கழித்துவிடுங்கள். மிஞ்சுவதுதான் ஏ.சி.யின் யூனிட். இன்வெர்ட்டர் ஏ.சி. வைத்திருப்பவர்களுக்கு இந்த வழிதான் சரிப்படும், ஏனென்றால் அதன் கம்ப்ரசர் பெரும்பாலும் நிற்பதில்லை, வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்கிறது. ஒரே இரவில் 1,600 வாட்டும் இழுக்கும், 400 வாட்டும் இழுக்கும்.

ஒரே இரவின் கணக்கில் 12 யூனிட்டுக்கு மேல் வந்தால், அதாவது கம்ப்ரசர் விடியும்வரை அடங்கவே இல்லை என்றால், கோளாறு எங்கோ இருக்கிறது. முதலில் ரிமோட்டைப் பாருங்கள். 16 டிகிரி வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நினைப்பவர்கள் ஏராளம். சாதாரண ஏ.சி.யின் கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான். 24 வைத்தாலும் 16 வைத்தாலும் அறை குளிரும் வேகம் அதேதான். 16 வைத்தால் எட்ட முடியாத இலக்கைத் துரத்திக்கொண்டு அது விடிய விடிய ஓடும், அவ்வளவுதான். 25 வைத்தும் நிற்கவில்லை என்றால் ஃபில்டரைக் கழுவுங்கள், கதவிடுக்கை அடையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் வாயு குறைந்திருக்கலாம், அல்லது அறைக்கு அந்த ஏ.சி. போதாமல் இருக்கலாம். அதற்கு மெக்கானிக் வர வேண்டும்.

கடைசியாக, அந்த 8 ரூபாயை எங்கிருந்து எடுத்தீர்கள்? பழைய பில் தொகையை யூனிட்டால் வகுத்து எடுத்திருந்தால், அது சராசரி. கூடக் கூட விலை ஏறும் படிநிலைக் கட்டணத்தில், ஏ.சி.யின் யூனிட்டுகள் இருப்பதற்கு மேல் போய் உட்காரும், அதிக விலைப் படியில் விழும். வீட்டுக்கு முன்பு மாதம் 200 யூனிட் ஆனது என்றால், உங்கள் கட்டணப் பட்டியலை வைத்து 200க்கு ஒரு பில்லும் 445க்கு ஒரு பில்லும் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஏ.சி.யின் செலவு.