ஹூக்கா புகையைத் தண்ணீர் வடிகட்டுமா?

ஹூக்காவில் புகை தண்ணீருக்குள் போய்த்தானே வருகிறது, அப்போது கெட்டதெல்லாம் தண்ணீரிலேயே தங்கிவிடாதா? ஒரு தடவை உட்கார்ந்து ஹூக்கா இழுப்பது எத்தனை சிகரெட்டுக்குச் சமம்?

தங்காது. தண்ணீரின் முக்கிய வேலை புகையைக் குளிரவைப்பதுதான். புகை குமிழ்களாக மேலே வருகிறது. குமிழுக்குள் இருக்கும் புகையில் பெரும்பகுதி தண்ணீரைத் தொடுவதே இல்லை. நிகோட்டின் கொஞ்சம் தண்ணீரில் கரையும். கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் கரைவதே அரிது, அப்படியே நுரையீரலுக்குப் போய்விடும். குளிர்ந்த புகை தொண்டையை உறுத்தாததால் ஆழமாகவும் இழுக்கிறோம்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு சிகரெட்டில் சுமார் 10 இழுப்பு, ஒவ்வொன்றும் 50 மில்லி என்றால் மொத்தம் அரை லிட்டர் புகை. ஹூக்காவில் ஒரு மணி நேரத்தில் 100 இழுப்பு, ஒவ்வொன்றும் அரை லிட்டர் என்றால் 50 லிட்டர். புகையின் அளவில் இது 100 மடங்கு. அதற்காக 100 சிகரெட்டின் விஷமும் ஏறுகிறது என்று அர்த்தமில்லை, இதைப் பலர் தவறாகச் சொல்கிறார்கள். 2016இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, ஒரு சிகரெட்டோடு ஒப்பிட்டால் நிகோட்டின் சுமார் 2.5 மடங்கு, கார்பன் மோனாக்சைடு 10 மடங்கு, தார் 25 மடங்கு.

என்னைக் கவலைப்படுத்துவது கார்பன் மோனாக்சைடுதான். அதில் பெரும்பங்கு மேலே வைக்கும் கரித்துண்டிலிருந்து வருகிறது. அதனால் 'புகையிலை இல்லாத மூலிகை' ஹூக்காவிலும் அது குறையாது. இழுக்கும்போது தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு வெளிக்காற்றுக்குப் போங்கள். மயக்கம் வந்தால் மருத்துவமனைக்கே போக வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி அப்போதும் 98 என்று காட்டலாம், அதை நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தை அதனால் பிரித்தறிய முடியாது. ஹூக்கா இழுத்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், சரியான ரத்தப் பரிசோதனையை அவர் செய்வார்.