மூன்றாவது மாடி என்றால் எந்த மாடி?

கேள்வி: கட்டட வேலையில் சைட் சூப்பர்வைசராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஒடிசா, பீகார், வங்காளம் என்று பல ஊர் ஆட்கள். எனக்கு அரைகுறை இந்திதான். தினமும் காலையில் சேஃப்டி மீட்டிங் எடுக்கச் சொல்கிறார்கள். எல்லோரும் தலையாட்டுகிறார்கள், ஆனால் புரிந்ததா என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

இந்தி அரைகுறையாக இருப்பது பெரிய சிக்கல் இல்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. இந்தி நன்றாகத் தெரிந்திருந்தாலும் நடந்திருக்கக்கூடிய ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். நான் மீட்டிங் எடுக்கும் முறையே அதற்குப் பிறகு மாறிவிட்டது.

சென்னைக்கு வெளியே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. தரைத்தளமும் அதற்கு மேல் ஐந்து மாடியும். சென்ட்ரிங் வேலை ஒரு வங்காளி சர்தாரின், அதாவது கேங் தலைவரின் கையில் இருந்தது. மால்டா பக்கத்து ஆள், வேலையில் கெட்டிக்காரர். அவருக்குக் கீழே பாதிப் பேர் அவர் ஊர்க்காரர்கள், மீதிப் பேர் பீகார் பையன்கள். அன்று மூன்றாவது மாடியில், ஸ்லாப்பைக் கீழிருந்து தாங்கும் ஜாக்கி என்ற இரும்பு முட்டு பிரிக்க வேண்டும். அந்த மாடியின் தலைக்கு மேலே இருந்த ஸ்லாப் போட்டு 16 நாள் ஆகியிருந்தது. நான்காவது மாடியின் மேலே இருந்த ஸ்லாப்புக்கு வயது 6 நாள்தான்.

காலை எட்டு மணிக்கு கேட் பக்கத்தில் எல்லோரையும் நிறுத்தி, "இன்றைக்கு மூணாவது மாடியில் ஜாக்கி பிரிக்கிறோம், நாலாவது மாடியைத் தொடக்கூடாது" என்று இந்தியில் சொன்னேன். சர்தார் திரும்பித் தன் ஆட்களிடம் வேகமாக ஏதோ சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். "சமஜ் கயா?" என்று கேட்டேன், "ஹான் ஜி" என்றார்கள். பதிவேட்டில் கையெழுத்து, கைநாட்டு எல்லாம் வாங்கியாயிற்று.

ஒன்பது மணி வாக்கில் மூன்றாவது மாடியில் நின்று, எந்த முட்டை விட்டுவைக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே டொக், டொக் என்று சத்தம். இரும்பு முட்டின் திருகை இளக்க சுத்தியலால் தட்டும் சத்தம் அது. அந்த நேரத்தில் மேலே யாரும் இருக்கவே கூடாது. ஓடினேன். பீகார் பையன்கள் இரண்டு பேர், ஆறு நாள் ஸ்லாப்புக்குக் கீழே நின்று இரண்டு முட்டை ஏற்கெனவே இளக்கிவிட்டிருந்தார்கள். மூன்றாவதில் சுத்தியல் விழுந்துகொண்டிருந்தது.

எல்லோரையும் கீழே இறக்கி, அந்தப் பகுதிக்குக் கீழும் மேலும் யாரும் போகாமல் கயிறு கட்டி, ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியரைக் கூப்பிட்டோம். விரிசல் எதுவும் இல்லை. அவர் சொன்னபடி அந்த இரண்டு முட்டையையும் திரும்ப இறுக்கினோம். யாருக்கும் அடியில்லை. ஆனால் இன்னும் அரை மணி நேரம் அந்தச் சத்தம் என் காதில் விழாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல நாள் தூக்கம் வரவில்லை.

ஐ.எஸ். 456 என்ற நம் கான்கிரீட் விதித் தொகுப்பு, சாதாரண சிமென்ட்டுக்கு 4.5 மீட்டர் வரையுள்ள ஸ்லாப்பின் முட்டை 7 நாளும், 6 மீட்டர் வரையுள்ள பீமின் முட்டை 14 நாளும் வைத்திருக்கச் சொல்கிறது. நீளம் கூடினால் நாளும் கூடும். அவர்கள் கை வைத்த இடத்தில் இரண்டுமே நிறைவேறவில்லை.

யார் மேல் தப்பு என்று விசாரித்தபோதுதான் விஷயம் விளங்கியது. யாருமே தப்பாக மொழிபெயர்க்கவில்லை. வங்காளத்தில் தரைத்தளத்தையே ஏக்தலா, அதாவது முதல் தளம் என்று எண்ணுவார்கள். நாம் முதல் மாடி என்பது அவர்களுக்கு தோதலா, இரண்டாவது. நான் மூன்றாவது என்று சொன்னதை சர்தார் சரியாகவே புரிந்துகொண்டார். எந்த மாடி என்று அவருக்குத் தெரியும், முதல் நாள் அங்கே என்னோடு நின்றவர்தான். தன் ஆட்களிடம் சொல்லும்போது தன் கணக்கில் சொன்னார்: சார்தலா. வங்காளப் பையன்கள் சரியான மாடிக்குப் போனார்கள். பீகார் பையன்களிடம் அதையே இந்தியில் 'சௌத்தா' என்றார். அவர்கள் நம்மைப் போல தரைத்தளத்தை விட்டுவிட்டு எண்ணுகிறவர்கள். நான்காவதுக்குப் போய்விட்டார்கள். "நாலாவதைத் தொடக்கூடாது என்று நான் சொன்னேனே" என்று கேட்டேன். கூட்டத்தின் பின்வரிசையில் நின்றிருக்கிறார்கள். மிக்சர் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னது காதிலேயே விழவில்லை, சர்தார் சொன்னது மட்டும்தான் விழுந்திருக்கிறது.

இதற்குப் பிறகு மூன்று விஷயங்களை மாற்றினேன்.

முதலில், மாடியின் பெயரையே விட்டுவிட்டோம். ஒவ்வொரு மாடிப்படித் திருப்பத்திலும் சுவரில் ஒரு அடி உயரத்துக்கு எண் எழுதினோம். தரைத்தளத்தில் 0, அதற்கு மேல் 1, 2, 3. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் செல்போனில் எண் அழுத்தத் தெரியும். இனி யாரும் மாலா, தலா, மாடி என்று சொல்லக்கூடாது, 'மூணு நம்பர்', 'தீன் நம்பர்' என்று சுவரில் இருக்கும் எண்ணைத்தான் சொல்ல வேண்டும். அதோடு, முட்டு நிற்கும் இடத்தில் ஸ்லாப் போட்ட தேதியையும், முட்டு எடுக்கலாம் என்ற தேதியையும் தூணில் பெயிண்ட்டால் எழுதுகிறோம். தேதி வராத மாடியின் படிக்கட்டில் குறுக்கே சிவப்பு ரிப்பன். தேதி எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தியில் 'கல்' என்றால் நேற்றும்தான், நாளையும்தான். வங்காளியிலும் 'கால்' அப்படியே. "கான்கிரீட் கல்" என்று யாராவது சொன்னால் போட்டாகிவிட்டதா, போடப் போகிறார்களா என்று கேட்காமல் நகராதீர்கள்.

இரண்டாவது, கேட் பக்கத்தில் நூறு பேரை நிறுத்திப் பேசுவதைக் குறைத்துவிட்டேன். அங்கே இரண்டே நிமிடம், எல்லோருக்கும் பொதுவான ஒரு செய்தி மட்டும். இன்றைக்கு கிரேன் எந்தப் பக்கம் சுற்றும் என்பது மாதிரி. உண்மையான மீட்டிங் அந்தந்த கேங்கோடு அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே. ஏழெட்டு நிமிடம் போதும். அதற்கு மேல் இழுத்தால் அவர்கள் மனம் இருக்காது, அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சதுர அடிக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு நாம் பேசும் ஒவ்வொரு நிமிடமும் கூலிக் குறைவு. அங்கே போய் முட்டைக் கையால் தொட்டுக் காட்டுகிறேன். எடுக்க வேண்டியதில் பச்சை சாக்பீஸ் கோடு போடுகிறேன். மேலே புது ஸ்லாப் இருப்பதால் விட்டுவைக்க வேண்டியதில் சிவப்பு. கோடு இல்லாத முட்டை எதிலும் கை வைக்கக்கூடாது.

மூன்றாவதுதான் நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரான பதில். "புரிந்ததா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். அந்தக் கேள்விக்கு எந்த மொழியிலும் ஒரே பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, "எங்கே ஆரம்பிப்பாய், காட்டு" என்கிறேன். இந்தியில் 'திகாவோ' என்ற ஒரு சொல் போதும். கேட்பது சர்தாரிடம் இல்லை. கூட்டத்தில் மிகப் புதியவரிடம், அல்லது வாயே திறக்காதவரிடம்.

ஒரு நாள் ஜார்கண்டிலிருந்து வந்த பையன் ஒருவனை அப்படிக் கேட்டேன். வீட்டில் சந்தாலி பேசுகிறவன், இந்தியே அவனுக்குப் பள்ளியில் கற்ற மொழி. ஸ்லாப்பின் முட்டை நடுவிலிருந்து எடுக்க ஆரம்பித்து இரண்டு பக்கமும் பீமை நோக்கிப் போக வேண்டும் என்று நான் சொல்லி, சர்தாரும் சொல்லி முடித்திருந்தார். பையன் நேராகப் போய் பீமை ஒட்டி நின்ற முட்டில் கை வைத்தான். சர்தாருக்குக் கோபம் வந்துவிட்டது. நான் அவரைத் தடுத்து, ஒரு மரப்பட்டையை எடுத்து இரண்டு செங்கல் மேல் வைத்தேன், நடுவில் மூன்றாவது செங்கல். ஓரத்துச் செங்கல் இரண்டையும் எடுத்தால் பட்டை நடுச் செங்கல் மேல் நின்று இரண்டு பக்கமும் தொங்கப் பார்க்கிறது. அப்போது ஸ்லாப்பின் மேல்பக்கம் இழுபடும். நடுப்பகுதியில் கம்பி பெரும்பாலும் அடிப்பக்கம்தான் இருக்கிறது, மேலே விரிசல் விடும். அவனே நடுச் செங்கல்லை எடுத்துப் பார்த்தான். பட்டை ஓரங்களில் அமைதியாக உட்கார்ந்தது. உடனே எழுந்து போய் நடு முட்டில் கை வைத்துத் திரும்பிப் பார்த்தான். பால்கனி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்லாப்பில் நுனியிலிருந்து சுவரை நோக்கி எடுக்க வேண்டும், அதையும் அன்றே அதே பட்டையை வைத்துக் காட்டினேன். அங்கே நின்ற வேறு நான்கு பேர் முகத்திலும் அப்போதுதான் தெளிவு வந்தது. அதுவரை அவர்களும் தலையாட்டியவர்கள்தான்.

சர்தார் மூலம் பேசுவதை விட முடியாது, விடவும் வேண்டாம். ஆனால் நேரத்தைக் கவனியுங்கள். நீங்கள் ஒரு நிமிடம் பேசி, அவர் ஐந்து நொடியில் முடித்தால் காரணம் எல்லாம் விழுந்துவிட்டது, "ஜாக்கிரதையாக இரு" மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துகிறேன். அவர் சொல்லி முடித்ததும் அடுத்தது.

அப்புறம், நிறுத்தச் சொல்லும் சொல்லை ஒன்றாக்குங்கள். ஆபத்தில் அவனவனுக்குத் தாய்மொழிதான் வாயில் வரும். நாங்கள் எல்லோருக்கும் தெரிந்த 'ஸ்டாப்' என்பதையே வைத்தோம். கூடவே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்க வேண்டும், மிக்சர் சத்தத்தில் குரல் கேட்காது. யார் ஸ்டாப் சொன்னாலும், ஹெல்ப்பர் சொன்னாலும், வேலை நிற்கும். காரணமில்லாமல் சொல்லிவிட்டான் என்று தெரிந்தாலும் அவனைத் திட்டக்கூடாது. ஒரு தடவை திட்டினால் அதற்கப்புறம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இத்தனை செய்தும் ஓட்டை விழும் இடம் ஒன்று உண்டு: வாரத்தின் நடுவில் ரயில் ஏறி வருகிறவர்கள். துர்கா பூஜை, சட் பூஜை முடிந்ததும் கேங்கில் பாதி முகம் மாறியிருக்கும். ஹவுரா பக்கத்திலிருந்து ஒரு நாளுக்கு மேல் ரயிலில் வந்து, மத்தியானம் இறங்கி, சாயங்காலமே சாரத்தில் ஏறிவிடுவார்கள். சர்தாருக்கு ஆள் வேண்டும், வந்தவருக்குக் கூலி வேண்டும். நான் வைத்திருக்கும் ஒரே விதி, முதல் நாள் தரையில்தான் வேலை. அந்த நாளுக்கும் முழுக்கூலி என்று கான்ட்ராக்டரிடம் முன்கூட்டியே பேசி வாங்கிவிடுங்கள். கூலி பிடித்தால் இந்த விதி ஒரு வாரம்கூட நிற்காது. மறுநாள் காலை அவரை 0 எண்ணிலிருந்து மேல் எண் வரை நானே கூட்டிப் போகிறேன், ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் இருப்பதை அவர் வாயாலேயே படிக்கச் சொல்கிறேன்.