ஸ்டாப்பைத் தொட்டுவிட்டு விலை திரும்புவது ஏன்?

“ஒரு பங்கை 412-இல் வாங்கினேன். முந்தைய தாழ்வு 400, அங்கேயே ஸ்டாப் லாஸ். 398.60 வரை இறங்கி என்னை வெளியேற்றிவிட்டு 425 போய்விட்டது. எங்கே தப்பு? – மன்னார்குடியிலிருந்து ஒரு புதியவன்”

உங்களை யாரும் குறிவைக்கவில்லை, தம்பி. 400 முந்தைய தாழ்வு, முழு எண்ணும்கூட. பலருடைய ஸ்டாப்பும் அங்கேதான் குவியும். விலை தொட்டதும் அத்தனையும் விற்பனை ஆர்டராக மாறி இன்னும் கொஞ்சம் கீழே தள்ளும். அதை வாங்க ஆள் இருந்தால் விலை திரும்பிவிடும். தண்ணீர் நிற்கிற மட்டத்துக்கே வரப்பு போட்டால் காற்றடிக்கிற அலைக்கே வழியுமே, அந்தக் கதைதான்.

பங்கு ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்பதை சார்ட்டில் ATR காட்டும். 14 நாள் ATR 8 ரூபாய் என்றால், அதில் பாதியைத் தாழ்வுக்குக் கீழே விட்டு 396-இல் வைக்கலாம். இந்த முறை தப்பியிருப்பீர்கள்.

ஆனால் பங்குக்கு 12 ரூபாயாக இருந்த நஷ்டம் 16 ஆகிறது. 80 பங்குக்கு 960 ரூபாய் ஆபத்து என்றிருந்தால், அதே 960-க்குள் நிற்க 60 பங்குதான் வாங்க வேண்டும். நான் முதல் வருடம் எண்ணிக்கையைக் குறைக்காமல் ஸ்டாப்பை மட்டும் தள்ளினேன். குறுவைப் பணத்தில் பாதி போனது.

அப்புறம், 396-உம் உடைந்தால் வெளியேறிவிடுங்கள். காலையில் 390-இல் திறந்தால் 396 கிடைக்காது, அப்போதைய விலைதான்.