ஸ்டிக்கர் உரிந்த செயின் சோவுக்குச் சரியான செயினைக் கண்டுபிடிப்பது

கேள்வி: "படத்தில் இருக்கும் செயின் சோ என்ன மொடல் என்று யாராவது சொல்ல முடியுமா? பழையதாக வாங்கியது, ஸ்டிக்கர் உரிந்துவிட்டது. கடையில் 20 அங்குலச் செயின் என்று கேட்டு வாங்கினேன். போட்டால் தொங்குகிறது. பழைய செயினையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்திருக்கிறேன்."

நீங்கள் போட்ட மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மட்டக்களப்பில் சிறிய எஞ்சின்கள் திருத்தும் வேலையில் இருப்பதால், இதே நிலையில் உள்ள மெசின்கள் என்னிடம் அடிக்கடி வருகின்றன. குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மழையில் மரங்கள் விழத் தொடங்கியதும், ஒரு வருடமாக மூலையில் கிடந்த செயின் சோவை எடுத்துத் துடைத்துக்கொண்டு பலர் வருவார்கள்.

முதற்படத்தில் தெரிவது, 52 சிசி அல்லது 58 சிசி என்று பல பெயர்களில் விற்கப்படும் சீனத் தயாரிப்பு மெசின்களில் ஒன்று என்பதே என் கணிப்பு. செம்மஞ்சள் நிறத்தை வைத்து இதை ஸ்டில் என்றோ ஹஸ்க்வர்னா என்றோ முடிவு செய்ய வேண்டாம். அந்த நிறத்தை எல்லோரும் பூசுகிறார்கள். ஸ்டில் மெசின் என்றால் எஞ்சின் உடலின் உலோகத்திலேயே ஒன்பது இலக்கத் தொடர் எண் குத்தப்பட்டிருக்கும். உங்கள் படத்தில் அந்த இடங்கள் தெளிவாகத் தெரிகின்றன, எண் எதுவும் இல்லை. பக்க மூடியில் இரண்டு நட்டுகள் இருப்பதால் ஒரே நட்டுள்ள ஸ்டில் 170, 180 போன்ற சிறிய மொடல்களும் விலகிவிடுகின்றன. பெற்றோலை முன்கூட்டி இழுக்கும் றப்பர்க் குமிழும் மேல் மூடியின் அமைப்பும் மிச்சச் சந்தேகத்தைக் குறைக்கின்றன. 52 சிசியா 58 சிசியா என்பதை மட்டும் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் வெளி உடல் ஒன்றே. பிஸ்டன் விட்டம் ஒன்றில் 45 மில்லிமீற்றர், மற்றதில் 45.2 மில்லிமீற்றர். பிஸ்டன் வாங்கும் நாள் வந்தால் கழற்றி அளந்தே வாங்க வேண்டும். செயினுக்கு அந்த வேறுபாடு தேவையில்லை.

உண்மையில் செயினுக்கு மொடல் பெயரே இரண்டாம் பட்சம்தான். செயினைத் தீர்மானிப்பவை மூன்று அளவுகள்: பிட்ச், கனம், கண்ணிகளின் எண்ணிக்கை. நீங்கள் கடையில் சொன்ன 20 அங்குலம் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. அது பாரின் ஏறக்குறைய வெளித்தெரியும் நீளம் மட்டுமே. ஆகவே 20 அங்குலப் பாருக்கென்று ஒன்றுக்கொன்று பொருந்தாத பல செயின்கள் கடையில் தொங்குகின்றன, கடைக்காரர் அவற்றுள் அதிகம் விற்பதை எடுத்துத் தருகிறார்.

உங்கள் மூன்றாம் படம் மிகவும் பயனுள்ளது. செயினின் கீழ்ப்பக்கத்தில் மீன் செட்டை போல இறங்கி, பாரின் பள்ளத்துக்குள் ஓடும் துண்டுக்குத்தான் ட்ரைவ் லிங் என்று பெயர். அதையே இங்கே கண்ணி என்கிறேன். இரண்டு செயின்களும் ஒரே தரை ஓட்டின் மேல், ஒரே தொடக்கக் கோட்டிலிருந்து, நேராக இழுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. பழைய செயினில் 15 கண்ணிகள் எண்ணி நிறுத்திய இடத்துக்கு நேரே புதியதைப் பார்த்தால் அங்கே 13 கண்ணிகளே வந்திருக்கின்றன.

பிட்ச் என்பது அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடைப்பட்ட தூரத்தின் பாதி. ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்குப் போக இரண்டு பிட்ச் தூரம் ஆகும். .325 பிட்ச் செயினில் அது 0.65 அங்குலம், 3/8 பிட்ச் செயினில் 0.75 அங்குலம். 15-ஐ 0.65-ஆல் பெருக்கினாலும் 13-ஐ 0.75-ஆல் பெருக்கினாலும் விடை 9.75 அங்குலம்தான். ஆகவே படத்தில் அளவுகோல் இல்லாவிட்டாலும், பழையது .325, புதியது 3/8 என்று துணிந்து சொல்லலாம். இரண்டாம் படத்தில் பாரின் அடிப்பகுதியில் எண்ணெய் அழுக்குக்குள் .325 என்று மங்கலாகத் தெரிவதும் இதற்கு ஒத்துப்போகிறது.

பக்கத்தில் வைக்க வேறு செயின் இல்லாதவர்கள் இரும்பு அடிமட்டத்தைச் செயினோடு ஒட்டி வைத்துப் படம் எடுக்கலாம். மூன்று ரிவெட்டுகளை மட்டும் அளந்தால் 16.5 மில்லிமீற்றருக்கும் 19 மில்லிமீற்றருக்கும் உள்ள வித்தியாசம் படத்தில் குழப்பும். அதற்குப் பதிலாக, ஒரு கண்ணியின் முன் ரிவெட்டிலிருந்து தொடங்கிப் பதினோராவது கண்ணியின் முன் ரிவெட் வரை, அதாவது பத்துக் கண்ணித் தூரத்தை அளந்தால் .325 செயினில் 165 மில்லிமீற்றரும் 3/8 செயினில் 190 மில்லிமீற்றரும் வரும். பாவித்துச் சற்று இழுபட்ட செயினில் ஓரிரு மில்லிமீற்றர் கூடலாம், ஆனால் அந்த அளவுக்கு ஒன்றை மற்றதாக எண்ண வாய்ப்பில்லை. அடிமட்டமும் செயினும் ஒரே தளத்தில் இருப்பதும், கமரா நேர் மேலே இருப்பதும் முக்கியம். சாய்த்து எடுத்த படத்தில் தூரத்து முனை குறுகிவிடும்.

இனி, ஏன் தொங்கியது என்பது. படத்தில் பழைய செயினின் வெட்டும் பற்கள் 38, புதியதில் 36. வழக்கமான செயினில் இரண்டு கண்ணிக்கு ஒரு வெட்டும் பல் இருப்பதால் பழையதில் 76 கண்ணி, புதியதில் 72 கண்ணி என்றாகிறது. எண்ணிக்கையில் புதியது நான்கு குறைவு. ஆனால் அதன் ஒவ்வொரு கண்ணியும் பெரியது. பழையதன் முழுச் சுற்று ஏறக்குறைய 125 சென்ரிமீற்றர், புதியது 137 சென்ரிமீற்றர். கிட்டத்தட்ட 12 சென்ரிமீற்றர் மிச்சத்தை இறுக்க வேண்டுமானால் பார் 6 சென்ரிமீற்றர் முன்னே போக வேண்டும். இறுக்கும் திருகாணி அதில் பாதித் தூரம்கூடப் போகாது. ஆகவே மெசினிலோ இறுக்கியிலோ பிழை தேட வேண்டாம். ஆறு கண்ணியை வெட்டி எடுத்து இந்தச் செயினையே போடலாம் என்று யாராவது சொன்னாலும் இணங்க வேண்டாம். சுற்று நீளம் சரியாகிவிட்டாலும் .325 பல் சக்கரத்தில் 3/8 செயின் உட்காராது. ஒவ்வொரு பல்லிலும் தாவித் தாவி ஓடி, கண்ணிகளின் அடியைச் சிதைத்துவிடும்.

76 என்ற எண்ணை ஒருமுறை பாரோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பகுதியில் இழுபட்ட செயினில் ஒரு கண்ணியை எடுத்துவிட்டு மீண்டும் இணைத்து ஓட்டும் வழக்கம் உண்டு. அப்படிச் செய்த செயினை எண்ணினால் 75 வரும், அதை நம்பி வாங்கிய புதிய செயின் ஏறாது. பாரின் அடிப்பகுதியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பக்கவாட்டில் ரோச் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். பிட்ச், கனம், கண்ணி எண்ணிக்கை மூன்றும் வரிசையாக அங்கே குத்தப்பட்டிருக்கும். எண்ணும்போது ஒரு கண்ணியில் சோக்கால் அடையாளம் இட்டுக்கொண்டால் தவறாது.

கனத்தைத்தான் படத்தில் சொல்ல இயலாது. கண்ணியின் தடிப்பு 1.3, 1.5, 1.6 மில்லிமீற்றர் என்று வரும். இந்த வகை மெசின்களின் .325 பாருக்குப் பெரும்பாலும் 1.5, அதாவது பாரில் .058 என்று எழுதப்படும் அளவு. ஆனால் பெரும்பாலும் என்பதை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. பழைய கண்ணியை வேர்னியரால் அளப்பதாக இருந்தால், பள்ளத்துக்குள் உராயும் கீழ் நுனியை விட்டு, தேயாத மேற்பகுதியில் அளக்க வேண்டும். தேய்ந்த 1.6 கண்ணி நுனியில் 1.5 என்றே காட்டும். அதைவிட உறுதியானது கண்ணியிலேயே உள்ள குத்தெண். ஒரிகன் செயினாக இருந்தால் 20 என்பது .325 பிட்சில் 1.3 மில்லிமீற்றர், 21 என்பது 1.5, 22 என்பது 1.6. தடித்தது மெல்லிய பள்ளத்தில் இறங்காது, அதனால் அந்தத் தவறு உடனே தெரிந்துவிடும். மெல்லியது தடித்த பள்ளத்தில் எளிதாக இறங்கிவிடும், ஆபத்தும் அதில்தான். செயின் ஒரு பக்கம் சாய்ந்து ஓடும், வெட்டு வளைந்து போகும், பார் பாதி மரத்தில் இறுகி நிற்கும். சரியான கனத்தில் வாங்கிய செயினும் சாய்ந்தால் பாரின் பள்ளம் தேய்ந்து அகன்றுவிட்டது என்று பொருள். அப்போது பாரையே மாற்ற வேண்டும்.

இன்னும் ஒன்று உங்கள் படங்களில் இல்லை. பக்க மூடிக்குள் செயினை ஓட்டும் பல் சக்கரம் எந்தப் பிட்ச் என்று தெரியவில்லை. பழைய மெசின் என்கிறீர்கள். முன்பு வைத்திருந்தவர் பாரையும் செயினையும் மாற்றிவிட்டுச் சக்கரத்தை அப்படியே விட்டிருக்கலாம். வாகரைப் பக்கத்திலிருந்து என்னிடம் வந்த ஒரு மெசினில் இப்படித்தான் .325 பாரும் 3/8 சக்கரமும் இருந்தன. அவர் இரண்டு புதுச் செயின்களைப் பாழாக்கிய பிறகே மூடியைக் கழற்றிப் பார்த்தோம்; இரண்டு செயின்களிலும் கண்ணிகளின் அடிமுனை ஒரே மாதிரி நசுங்கி மடிந்திருந்தது. உங்கள் பழைய செயினின் கண்ணிகளைத் திருப்பிப் பாருங்கள். அடிமுனை கூர்மையாக, மடிப்பில்லாமல் இருந்தால் சக்கரம் பொருந்துகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். சக்கரத்தின் பற்களில் செயின் பதித்த தழும்பு அரை மில்லிமீற்றருக்கு மேல் ஆழமாக இருந்தால், பிட்ச் சரியாக இருந்தாலும் அதையும் புதிய செயினோடு சேர்த்து மாற்றுங்கள். தேய்ந்த சக்கரம் புதுச் செயினைச் சில வாரங்களில் இழுத்து நீட்டிவிடும். கழற்ற வேண்டி வந்தால் கிளச்சின் மரை இடமரை. வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். தொடங்குமுன் பிளக் வயரைக் கழற்றி வையுங்கள், கையுறை போடுங்கள்.

கடையில் இனிக் கேட்க வேண்டியது, பாரில் உள்ள எழுத்தும் இதையே சொன்னால், ".325 பிட்ச், 1.5 கனம், 76 கண்ணி" என்பதுதான். பொதியில் இல்லாவிட்டால், சுருளிலிருந்து வெட்டி ரிவெட் அடித்துத் தரும் கடைகளில் இதைச் சொன்னால் போதும். வாங்குமுன் இணைத்த இடத்தை விரலால் மடக்கிப் பாருங்கள், மற்றக் கண்ணிகளைப் போலவே தளர்வாக மடங்க வேண்டும். தீட்ட 4.8 மில்லிமீற்றர் உருண்டை அரமும் வாங்கிக்கொள்ளுங்கள். 3/8 செயினோடு தந்திருக்கக்கூடிய பெரிய அரம் இதற்கு ஆகாது. வாங்கிய 3/8 செயினை எண்ணெய் படாமல் வைத்திருந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

மூடியைக் கழற்றி, சக்கரத்தையும் அதில் குத்தப்பட்ட எண்ணையும் நேர் எதிரே நின்று ஒரு படம் எடுத்து இதே கேள்வியின் கீழ் போடுங்கள். அதையும் பார்த்துவிட்டு, செயின் மட்டும் போதுமா, சக்கரமும் வேண்டுமா என்று எழுதுகிறேன்.