கருங்கல் சுவர்: ரேண்டம் ரப்பிளா, வரிசைக் கட்டா?

"45 செ.மீ. தடிமன், 6 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் உயரம். கற்களை வரிசை பாராமல் அடுக்கும் ரேண்டம் ரப்பிள் போதும் என்கிறார் கொத்தனார். பின்னாளில் சுவர் வயிறு தள்ளாதா?"

தள்ளுவதும் தள்ளாததும், சுவரின் குறுக்கே ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை போகும் ஊடுகல்லைப் பொறுத்தது. வரிசைக் கட்டில் படுக்கை மட்டமாக இருப்பதால் பாரம் சீராக இறங்கும், அது நல்லதுதான். ஆனால் எந்தக் கட்டிலும் உள்முகம், வெளிமுகம் என்று இரண்டு தோல், நடுவே சில்லும் கலவையும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் கல் இல்லையென்றால் ஒவ்வொரு தோலும் தனித்தனி மெல்லிய சுவர். ஈரம் இறங்கி நடு நிரப்பு அமுங்கியதும் ஒன்று வெளியே பிதுங்கும்.

60 செ.மீ. உயரத்தில் 1.2 மீட்டருக்கு ஒன்றாக 5 ஊடுகல் வையுங்கள். 120-இல், கீழுள்ளவற்றின் இடைவெளிக்கு நேராக 4. உச்சிக்குச் சற்றுக் கீழே மறுபடி 5. மொத்தம் 14.

ஒவ்வொன்றும் முழு 45 செ.மீ. இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் 35 செ.மீ. கற்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கமாக, எதிரெதிர் முகத்திலிருந்து உள்ளே நுழையுங்கள்.

வைத்த உடனே இரு முனையிலும் சுண்ணாம்புக் குறி போடச் சொல்லுங்கள். பெரிய கல்லை முகத்தோடு நீளவாக்கில் படுக்க வைத்தால் பார்வைக்குத்தான் பலம்; மறுபக்கம் குறி வராது, அங்கேயே பிரித்து வைக்கச் சொல்லிவிடலாம்.