நீலம் வருது: ஒரே நிறம், வேறு வேறு காது

பாட்டில் ஒரே நிறத்தைத் திரும்பத் திரும்ப வைத்தால் எல்லாருக்கும் ஒரே அர்த்தம்தான் போகுமா?

போகாது. காசிமேட்டுக்காரனான எனக்கு நீலம் என்றால் கடல். கடலுக்குப் போய்த் திரும்பாத ஒரு அப்பாவைப் பற்றிப் பாட்டு எழுதி, பல்லவியை ‘நீலம் வருது, நீலம் வருது’ என்று முடித்தேன். கரையில் கேட்டவர்கள் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதையே வியாசர்பாடியில் நண்பன் வீட்டு மாடியில் பாடினேன், பல்லவிக்கே கைதட்டல், ஏனென்றால் அங்கே நீலம் அம்பேத்கரின் நிறம், அது வருகிறது என்றால் எழுச்சி. அவர்கள் தப்பாகக் கேட்கவில்லை. சொல்லை எதோடும் கட்டாமல் விட்டது நான்.

அப்புறம் வரிசையை மாற்றினேன். முதல் முறை நிறம் வரும்போது கையில் படுகிற பொருள் ஒன்று கூடவே வரும்: ‘அப்பன் வேட்டிக்கு அம்மா கரைச்ச சொட்டு நீலம்’. சரணத்தில் ‘வலை நனைச்ச நீலம்’. மூன்றாவதாகத்தான் வெறும் ‘நீலம் வருது’. வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு விழுந்து புகைபோல விரிவதை ஏற்கெனவே பார்த்துவிட்டதால், கடைசி நீலத்தில் கடலும் அம்மாவின் கையும் சேர்ந்தே வருகின்றன. வியாசர்பாடியில் கேட்பவர்களுக்கு அந்த எழுச்சியின் நீலக் கொடி இப்போதும் தெரிகிறது, ஆனால் துக்கத்தோடு தெரிகிறது. அதை அழிக்க எனக்கு மனமில்லை.

‘நீலக் கடல்’ என்று மட்டும் எழுதாதீர்கள், பழகித் தேய்ந்த சேர்க்கை, காதில் கடல்தான் விழும், நிறம் விழாது. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, வேறு வேறு தெருவில் மூன்று பேருக்குப் பாடிக்காட்டி, கடைசி வரியில் கண்ணில் என்ன பொருள் தெரிந்தது என்று கேளுங்கள். அர்த்தத்தைக் கேட்காதீர்கள், யோசித்துப் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.